ரத்தம் கேட்டு வரும் செய்தி: எதைச் சரிபார்ப்பது, எங்கே நிறுத்துவது

"அவசரம்! நாளை காலை ஆபரேஷன். ஏபி நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. தொடர்புக்கு இந்த எண். உங்கள் ஒரு ஷேர் ஒரு உயிரைக் காப்பாற்றும்."

இப்படி ஒன்று வராத குடும்ப குரூப் தமிழ்நாட்டில் இருக்காது. இதில் ஊர் இல்லை, மருத்துவமனை இல்லை, எத்தனை யூனிட் என்று இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை தேதி இல்லாததுதான். 'நாளை காலை' என்று எழுதியவருக்கு அது எந்த நாளை என்று தெரியும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் அது நாளையாகத்தான் தெரிகிறது, அவரும் பதறிப்போய் இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்புகிறார். அந்த எண்ணை அழைத்தால் ஒன்று ஸ்விட்ச் ஆஃப், இல்லையென்றால் "அதெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சுங்க, தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க" என்று சலித்துப்போன ஒரு குரல். சில நேரம் அந்த நோயாளியே இறந்து போயிருப்பார், ஆனாலும் அவர் வீட்டுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் ரத்தம் எப்படி நோயாளிக்குப் போய்ச் சேர்கிறது என்பது தெரியாமல் எழுதுவதால்தான் இத்தனை குழப்பமும். அங்கிருந்தே பார்க்கலாம்.

வார்டில் நர்ஸ் வந்து "ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிடுங்க" என்று சொல்லும்போது, கூட இருக்கும் அட்டெண்டருக்கு ஒரே அர்த்தம்தான் புரியும்: நோயாளியின் குரூப் உள்ள ஆளைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். உண்மையில் அந்த வாக்கியத்துக்கு மூன்று அர்த்தம் உண்டு. எது என்று கேட்காமல் செய்தி எழுதினால் பாதி டோனர்கள் வீணாக அலைவார்கள்.

முதலாவது, ரீப்ளேஸ்மென்ட். பிளட் பேங்க்கில் அந்த குரூப் ரத்தம் ஏற்கெனவே இருக்கிறது. இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, குறைந்ததை ஈடுகட்ட ஆள் கொண்டுவரச் சொல்கிறார்கள். காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் முழுக்க நிறுத்தச் செய்தது. 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கையும், உறவினரைக் கொண்டு ஈடுகட்டுவதிலிருந்து தன்னார்வக் கொடையாளர் முறைக்கு மாறவேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் பல இடங்களில் ரீப்ளேஸ்மென்ட் கேட்பது ஓயவில்லை. இந்த வகையில் கவனிக்க வேண்டியது, டோனரின் குரூப் எதுவாக இருந்தாலும் பொதுவாகப் பரவாயில்லை. நோயாளி பி பாசிட்டிவ் என்றால் ஓ பாசிட்டிவ் நண்பர் போய்க் கொடுக்கலாம். அவர் ரத்தம் அந்த நோயாளிக்கு ஏறப்போவதில்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று கட்டாயப் பரிசோதனைகள் முடிந்து, சிவப்பணு தனியாக, பிளாஸ்மா தனியாகப் பிரிக்கப்பட்டு, வேறு யாருக்கோ போகும். சிவப்பணுப் பையை அதில் கலக்கும் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை குளிரில் வைத்திருக்கலாம், அதனால் அவசரமும் கிடையாது.

இங்கேதான் ஒரு சத்தமில்லாத இழப்பு நடக்கிறது. 'ஓ நெகட்டிவ் அவசரம்' என்று தவறாக எழுதியதைப் பார்த்து ஒரு ஓ நெகட்டிவ் டோனர் ஓடி வந்து, வெறும் ரீப்ளேஸ்மென்ட்டுக்காகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நம் நாட்டு விதிப்படி ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்த 90 நாளும், பெண்கள் 120 நாளும் கொடுக்க முடியாது. நம்மில் நெகட்டிவ் குரூப்பே நூறில் ஐந்தாறு பேர்தான். அவர் கொடுத்த பை இருப்பில் இருக்கும், சரி. ஆனால் அடுத்த மாதம் அதே ஊரில் பிரசவத்தில் ரத்தம் போகும் ஒரு ஓ நெகட்டிவ் பெண்ணுக்கு ஆள் தேடும்போது, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'முடியாது' என்றுதான் இருக்கும்.

இரண்டாவது, நிஜமாகவே அந்த குரூப் இருப்பில் இல்லாத நிலை. இதற்குத்தான் குறிப்பிட்ட குரூப் ஆள் வேண்டும். இதிலும் செய்தி போடுவதற்கு முன்னால் பிளட் பேங்க்கில் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: "வேறு எந்த குரூப் ஏற்ற முடியும்?" ஏபி நெகட்டிவ் நோயாளிக்கு சிவப்பணு தேவையென்றால் ஏ நெகட்டிவ், பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் மூன்றுமே ஏற்கக்கூடியவை. எதை ஏற்றுவது என்பதை டாக்டரும் பிளட் பேங்க்கும் முடிவு செய்வார்கள், ஆனால் கேட்டால்தானே தெரியும். ஏபி நெகட்டிவ் கேட்டு மாநிலம் முழுக்கச் செய்தி பறந்துகொண்டிருக்கும்போது, அதே கட்டடத்தின் ஃபிரிட்ஜில் ஏ நெகட்டிவ் இரண்டு பை இருக்கக்கூடும். பக்கத்து பிளட் பேங்க்குகளின் இருப்பை ஈ-ரக்த் கோஷ் என்ற மத்திய அரசுத் தளத்தில் மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் உடனுக்குடன் புதுப்பிப்பதில்லை, அதனால் பார்த்துவிட்டு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பாம்பே குரூப் மட்டும் தனிக் கதை. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட இந்த வகை, சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. பாம்பே குரூப்காரருக்குப் பாம்பே குரூப் ரத்தம்தான். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர் என்பார்கள். அந்தச் செய்தி ஊர் தாண்டி, மாநிலம் தாண்டிப் போவதில் நியாயம் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது வகை பிளேட்லெட். செய்தி எழுதுவதில் அதிகம் சொதப்புவது இதில்தான் என்பதால், ஒரு உதாரணத்தோடு கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வயதுப் பையன், ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குரூப் பி பாசிட்டிவ். பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. டாக்டர் எஸ்டிபி ஒன்று உடனே வேண்டும், கீமோவின் பாதிப்பு தீரும்வரை அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று தேவைப்படலாம் என்கிறார். எஸ்டிபி என்பது ஒரே டோனரிடமிருந்து இயந்திரம் மூலம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுப்பது. மீதி ரத்தம் அவர் உடம்புக்கே திரும்பிவிடும். சாதாரண ரத்தப் பைகளிலிருந்து பிரிக்கும் பிளேட்லெட் ஐந்தாறு சேர்ந்தால் கிடைக்கும் அளவு இதில் ஒரே பையில் கிடைக்கும்.

இதன் சிக்கல் கால அளவில் இருக்கிறது. பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, 20 முதல் 24 டிகிரிக்குள் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான். அந்த ஐந்தில் பரிசோதனைக்கே ஒரு பங்கு போய்விடும். அதனால் இன்றைக்கே நாலு டோனரைப் படுக்க வைத்து நாலு பை எடுத்து வைத்தால் பத்தாவது நாளுக்கு எதுவும் மிஞ்சாது. டோனர்கள் வரிசையாக, நாள் தள்ளி வரவேண்டும். வந்தாலும் உடனே எடுத்துவிட மாட்டார்கள். முதலில் சாம்பிள்: பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா, தொற்றுச் சோதனைகள் சரியா, கையில் நரம்பு நன்றாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் முடியாது. ஒரு மாதத்துக்குள் சாதாரண ரத்ததானம் செய்திருந்தாலும் முடியாது, 28 நாள் கழிய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இயந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். சாம்பிளோடு சேர்த்துப் பார்த்தால் டோனருக்கு அரை நாள் போய்விடும். பத்து பேர் வந்தால் அதில் சிலர் நரம்பு சரியாகத் தெரியவில்லை என்பதாலேயே திரும்பிப் போவார்கள்.

இப்போது பையனின் அப்பா ஞாயிறு இரவு பதற்றத்தில் "பி பாசிட்டிவ் ரத்தம் அவசரம், மதுரை" என்று போடுகிறார். பி பாசிட்டிவ் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிற குரூப். திங்கள் காலை பிளட் பேங்க் வாசலில் கூட்டம். ஒருவருக்கும் எஸ்டிபி என்று தெரியாது. இருவரிடம் சாம்பிள் எடுக்கிறார்கள், ஒருவர் தேறுகிறார். மற்ற பலர் "வந்ததுக்குக் கொடுத்துட்டுப் போறோம்" என்று சாதாரண ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதாவது அத்தனை பேரும் அடுத்த 28 நாளுக்கு எஸ்டிபிக்கு ஆக மாட்டார்கள். வியாழக்கிழமை இரண்டாவது எஸ்டிபி தேவைப்படும்போது அப்பாவின் போனில் சார்ஜ் இல்லை, அழைப்பெடுத்து அழைப்பெடுத்து அவருக்கும் தெம்பு இல்லை, ஊரில் உள்ளவர்கள் "அதான் திங்கட்கிழமையே அவ்வளவு பேர் போனாங்களே" என்று இருந்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி மட்டும் அதற்குள் கோயம்புத்தூர், சென்னை, துபாய் என்று போய்க்கொண்டிருக்கிறது.

அதே தேவையை இப்படி எழுதியிருக்கலாம்:

"மதுரை, (மருத்துவமனை பெயர்), குழந்தைகள் வார்டு. 9 வயதுச் சிறுவனுக்கு எஸ்டிபி பிளேட்லெட், பி பாசிட்டிவ். மொத்தம் 4 டோனர்: திங்கள் 1, வியாழன் 1, ஞாயிறு 1, அடுத்த புதன் 1. மதுரையிலும் அருகிலும் உள்ளவர்கள் மட்டும். 18-60 வயது, 50 கிலோவுக்கு மேல், கடந்த ஒரு மாதத்தில் ரத்தம் கொடுக்காதவர்கள். நேரில் வரும் முன் போன் செய்யவும், சாம்பிள் நேரம் சொல்கிறோம். ஒருங்கிணைப்பவர்: (எண்). பிளட் பேங்க் கோரிக்கையைப் பார்த்து உறுதி செய்தது: ஞாயிறு இரவு 9 மணி, (தேதி). இந்தச் செய்தி அடுத்த புதன் மாலை 6 மணியோடு முடிகிறது. அதற்கு மேல் பகிர வேண்டாம். முன்னதாகவே ஆள் கிடைத்துவிட்டால் இதே குரூப்பில் சொல்வோம்."

நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வீண் அழைப்பைத் தடுக்கிறது. பையனின் பெயர், படம் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். டோனருக்கு அது தேவையே இல்லை, மருத்துவமனையில் சேரும்போது நோயாளிக்குக் கொடுக்கும் ஐபி நம்பரை போனில் சொன்னால் போதும். குழாய் சொருகிய குழந்தையின் படத்தைப் போட்டால் ஷேர் கூடும் என்பது உண்மைதான். கூடிய ஷேர் எதற்கு? தேவை நாலு பேர்.

எண்ணைப் பற்றி ஒன்று. அட்டெண்டரின் எண்ணைப் போடாமல் ஒரு நண்பரின் அல்லது ரத்ததான அமைப்பின் தன்னார்வலர் எண்ணைப் போடுவது பல வகையில் நல்லது. அப்பா டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பை எடுக்க ஆள் இருக்கும், யாருக்கு எந்த நாள் என்று குறித்துவைக்கவும் முடியும். பெண்களின் எண் இப்படி வெளியே போனால் என்ன மாதிரி அழைப்புகள் வரும் என்பதைப் பட்டவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சொந்தக்காரர்கள் கொடுத்தால்தான் நல்லது என்று சிலர் அடம்பிடிப்பதுண்டு. இந்தப் பையனுக்குப் பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரலாம் என்றால், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ரத்தம் கொடுப்பதை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்க்கவே சொல்வார்கள். நெருங்கிய ரத்த உறவில் வேறு ஒரு அபாயமும் இருப்பதால் அவர்கள் கொடுத்த ரத்தத்தைக் கதிர்வீச்சில் வைத்த பிறகே ஏற்றுவார்கள். அதனால் வெளியாள் டோனர் தேடுவதைக் குடும்பத்தின் பாசக்குறைவாகப் பார்க்க வேண்டாம்.

சரி, வந்த செய்தியை எப்படிச் சரிபார்ப்பது? அந்த எண்ணை அழைத்துப் பேசினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். உரையாடல் கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

"அண்ணே, பி பாசிட்டிவ் கேட்டிருந்தீங்களே, இன்னும் தேவை இருக்குங்களா?"

"ஆமாங்க, இருக்கு."

"ரத்தமா, பிளேட்லெட்டாண்ணே? பிளட் பேங்க்ல ரெக்வெஸ்ட் ஃபார்ம் கொடுத்தாச்சா?"

"பிளேட்லெட். நேத்தே கொடுத்துட்டோம், சாம்பிளும் போயிடுச்சு."

"ஐபி நம்பர் மட்டும் சொல்லுங்க, நான் பிளட் பேங்க்ல கேட்டுட்டு டோனரை அனுப்புறேன்."

உண்மையான அட்டெண்டர் இதற்கு உடனே பதில் சொல்வார், ஏனென்றால் அந்த ஃபார்ம் அவர் கையில்தான் இருந்தது. அதில் நோயாளியின் பெயர், வயது, வார்டு, ஐபி நம்பர், என்ன நோய், என்ன குரூப், ரத்தத்தின் எந்தக் கூறு, எத்தனை யூனிட் என்று எல்லாம் எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்புறம் பிளட் பேங்க்கை அழைக்க வேண்டும், செய்தியில் கொடுத்திருக்கும் எண்ணில் கூப்பிடாமல் மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை எடுத்து. நோயாளி விவரத்தை அவர்கள் மூன்றாம் ஆளிடம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. "இந்த ஐபி நம்பருக்கு டோனர் அனுப்பலாமா, எத்தனை மணிக்கு வரலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஃபார்மின் போட்டோவை உறுதிக்காகக் கேட்பது தப்பில்லை. அதை அப்படியே குரூப்பில் போடுவதுதான் தப்பு, ஒருவரின் நோய் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

பணம் பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். "டோனர் கிளம்பிட்டார், கார் வாடகைக்கு மட்டும் ஜிபேயில் போட்டுவிடுங்கள்" என்று அட்டெண்டரிடம் வாங்கிக்கொண்டு காணாமல் போவது பழைய மோசடி. பொதுவில் எண்ணைப் போட்டவர்களுக்குத்தான் இந்த அழைப்பு வருகிறது. பிளட் பேங்க்கே வாங்கும் தொகையும் ரத்தத்தின் விலை கிடையாது. பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்குமான கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜனவரியில் மறுபடியும் அறிவுறுத்தியது. எஸ்டிபிக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிட் போட வேண்டியிருப்பதால் அந்தக் கட்டணம் கூடுதலாக இருக்கும். அதைப் பிளட் பேங்க் கவுன்டரில் கட்டி ரசீது வாங்குவார்கள், டோனர் கையில் கொடுப்பதில்லை.

கடைசியாக, நிறுத்துவது. தேவை தீர்ந்ததும் நாம் போட்ட செய்தியை வாட்ஸப்பில் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். நம்முடையது போகும், மற்றவர்கள் ஃபார்வர்டு செய்த பிரதிகள் போகாது. ஐந்து கை தாண்டிய செய்திக்கு வாட்ஸப் இரட்டை அம்புக்குறி போட்டு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று காட்டுகிறது, 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ரத்தக் கோரிக்கையில் அந்த இரட்டை அம்புக்குறியைப் பார்த்தாலே, எழுதியவரிடமிருந்து வெகுதூரம் வந்துவிட்டது, அநேகமாக முடிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு முதலில் போன் செய்வதுதான் சரி. 'ரத்தம் கிடைத்துவிட்டது, நன்றி' என்ற செய்தி ஒருபோதும் கோரிக்கை அளவுக்குப் பரவாது, அதில் அவசரம் இல்லையே. அதனால்தான் முடியும் நாளும் நேரமும் கோரிக்கைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். எங்கே போனாலும் அது கூடவே போகும்.

தேதியும் இடமும் கழன்றுபோன செய்தி எத்தனை நாள் வாழும் என்பதற்கு '104-ஐ அழைத்தால் 40 கிலோமீட்டருக்குள் நாலு மணி நேரத்தில் ரத்தம் வீடு தேடி வரும்' என்பதே சாட்சி. அது பொய்யாகப் பிறந்த செய்தி இல்லை. 2014-இல் மகாராஷ்டிர அரசு தன் மாநிலத்துக்கென்று தொடங்கிய திட்டம், அதுவும் மருத்துவமனைகளுக்கு அனுப்புவது. மாநிலத்தின் பெயர் எங்கோ உதிர்ந்து இந்தியா முழுக்கச் சுற்றியது. தமிழ்நாட்டில் 104 மருத்துவ ஆலோசனைக்கான எண், ரத்தம் கொண்டுவந்து தராது.

போஸ்டர் மாதிரி படமாகச் செய்து போடுகிறவர்கள் தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிதாக எழுத வேண்டும், கீழே தட்டச்சு செய்த வரி ஃபார்வர்டில் உதிர்ந்துவிடும். நாலைந்து நாள் நீளும் தேவையென்றால், திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஷீட் இணைப்பைச் செய்தியில் வைத்து, 'திங்கள் - கிடைத்துவிட்டது, வியாழன் - ஆள் வேண்டும்' என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். டோனர்களின் பெயரும் எண்ணும் அதில் வரக்கூடாது, அவை ஒருங்கிணைப்பவரின் நோட்டில் இருக்கட்டும். நாலாவது ஆளும் கிடைத்த பிறகு அழைக்கிற ஐந்தாவது ஆளிடம் "தேவை முடிஞ்சுது" என்று வைத்துவிடாமல், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று கேட்டுப் பெயரைக் குறித்து, அவர் சம்மதித்தால் உள்ளூர் ரத்ததான அமைப்பின் பட்டியலில் சேர்த்துவிடலாம். செய்தி எங்கிருந்து வந்தது என்றும் அவரிடம் கேட்டு வைக்கலாம், அந்த குரூப்பில் 'முடிந்தது' என்று போடச் சொல்ல அவர்தான் சரியான ஆள்.